ஹெர்னியா ஒன்று, மயக்கம் மூன்று

அறுவைக்கு முந்தைய நாள் நோயாளியைப் பார்க்கப் போனால் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு: "டாக்டர், முழு மயக்கமா, முதுகுல ஊசியா, இல்ல அந்த இடத்துல மட்டும் மரத்துப்போக வைப்பீங்களா? எது நல்லது?" மயக்க மருத்துவராக இதற்கு நான் பல வருடங்களாகப் பதில் சொல்லி வருகிறேன். அப்புறம் எனக்கே வலது கவட்டையில் ஹெர்னியா வந்தது. மற்றவர்களுக்குச் சொன்ன பதிலை என் உடம்பிலேயே சோதித்துப் பார்க்கும்படி ஆகிவிட்டது.

மூன்று முறைகளிலும் செய்ய முடிகிற அறுவைகள் ரொம்பக் குறைவு. கவட்டை ஹெர்னியா அவற்றில் ஒன்று. அதனால் மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. முதுகில் ஊசி எனக்குப் போட்டது. மற்ற இரண்டும் நான் பக்கத்தில் நின்று பார்த்தவை.

முதலில் வலி எந்த வழியாகப் போகிறது என்று பார்த்துவிடலாம். கவட்டைத் தோலில் கத்தி படுகிறது. அங்கிருக்கும் மெல்லிய நரம்பு நுனிகள் அதைச் சிறு மின் துடிப்பாக மாற்றுகின்றன. அந்தத் துடிப்பு வயிற்றுச் சுவரின் தசைகளுக்கு இடையே ஓடும் நரம்புகள் வழியாக முதுகுக்குப் போகிறது. நெஞ்சுப் பகுதியின் கடைசி நரம்பு வேர், இடுப்புப் பகுதியின் முதல் நரம்பு வேர் ஆகிய இரண்டும்தான் முக்கியமான நுழைவாயில்கள். அங்கிருந்து தண்டுவடம் ஏறி மூளைக்குப் போகிறது. மூளைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அது 'வலி' ஆகிறது. அதுவரை அது வெறும் செய்தி. இந்தச் செய்தியைக் காயத்திலேயே நிறுத்தலாம், வேரில் நிறுத்தலாம், அல்லது அதைப் பெற்றுக்கொள்ள ஆளே இல்லாமல் செய்யலாம். மூன்று முறைகளும் இவைதான்.

இடத்தில் மட்டும் மரத்துப்போகச் செய்வதை நான் முழுதாகப் பார்த்தது, நுரையீரல் மிகவும் பழுதான ஒரு பெரியவரிடம். நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். முழு மயக்கம் கொடுத்து மூச்சுவிடத் தொண்டை வழியே குழாய் வைத்தால், பிறகு குழாயை எடுத்து அவரைத் தானாக மூச்சுவிட வைப்பதே பெரும்பாடாகிவிடும். தலைக்கு இரண்டு தலையணை வைத்து, சற்று நிமிர்ந்த நிலையில் படுக்க வைத்தோம்.

அவர் எடை 50 கிலோ. அட்ரினலின் கலந்த லிக்னோகெயின் மருந்தை ஒரு கிலோவுக்கு 7 மில்லிகிராம் வரை போடலாம் என்பது பொதுவான உச்சவரம்பு. அப்படியென்றால் 350 மில்லிகிராம். ஒரு சதவீதக் கரைசலில் மில்லிக்கு 10 மில்லிகிராம் இருக்கும். ஆக 35 மில்லிதான் கிடைக்கும். கவட்டையில் தோல், கொழுப்பு, தசை உறை, அதற்குக் கீழே நரம்பு ஓடும் இடம் என ஒவ்வொரு அடுக்காக நனைத்துக்கொண்டே போக 40 முதல் 60 மில்லி தேவைப்படலாம். அதனால் மருந்தைப் பாதியாக நீர்க்கச் செய்தோம். அரை சதவீதம் என்றால் அதே 350 மில்லிகிராமுக்கு 70 மில்லி கிடைத்துவிடும். மருந்தின் அளவு ஏறவில்லை, பரப்பு மட்டும் கூடியது. இந்தக் கணக்கை யார் போட்டாலும் சத்தமாகச் சொல்லி இன்னொருவர் சரிபார்ப்பது எங்கள் அறையில் வழக்கம்.

மருந்து நரம்புக்குள் என்ன செய்கிறது? நரம்பின் மேலுறையில் சோடியம் புகுவதற்கான நுண்ணிய வாசல்கள் இருக்கின்றன. அவை வரிசையாகத் திறந்து மூடுவதால்தான் மின் துடிப்பு முன்னே நகர்கிறது. லிக்னோகெயின் அந்த வாசலை வெளியிலிருந்து அடைப்பதில்லை. மின்னேற்றம் இல்லாத மூலக்கூறுகள் கொழுப்பாலான உறையைக் கடந்து உள்ளே போய், அங்கே மின்னேற்றம் பெற்று, உட்புறமாக வாசலில் உட்கார்ந்துகொள்கின்றன. வாசல் அடைபட்ட இடத்தில் துடிப்பு நின்றுவிடும். மருந்து ரத்தத்தில் கரைந்து வெளியேறியதும் நரம்பு பழையபடி வேலை செய்யும். மூளைக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. அதனால்தான் பெரியவர் பேரனின் கல்யாணத்தைப் பற்றி என்னிடம் பேசிக்கொண்டே இருந்தார்.

இந்த வழிமுறையைத் தெரிந்துவைத்திருப்பதில் ஒரு பயன் உண்டு. சீழ் பிடித்த இடத்தில் மரத்துப்போகும் ஊசி ஏன் சரியாக வேலை செய்வதில்லை என்பது உடனே விளங்கிவிடும். அழற்சியான திசுவில் அமிலத்தன்மை கூடும். அமிலத்தில் மின்னேற்றம் இல்லாத மூலக்கூறுகள் குறைந்துபோகும். உறையைக் கடக்க ஆள் இருக்காது. மோசமாக வீங்கிய பல்லுக்கு எத்தனை ஊசி போட்டும் வலித்தது என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. "ஊசி போட்டாச்சே, இன்னும் எப்படி வலிக்கும்?" என்று அவர்களைக் கேட்பதுதான் அபத்தம்.

பெரியவருக்கு இரண்டு இடங்களில் தொந்தரவு வந்தது. முதலாவது, ஊசி போடும்போதே ஏற்பட்ட சுருக்கென்ற எரிச்சல். புட்டியில் இருக்கும் கரைசலே அமிலத்தன்மை உடையது. அட்ரினலின் சேர்த்தது இன்னும் அதிகம். மெல்லிய ஊசியில் மெதுவாகச் செலுத்தினால் எரிச்சல் குறையும். இரண்டாவது, ஹெர்னியா பையைப் பிடித்து இழுத்தபோது. "தம்பி, வெட்டுறது ஒண்ணும் தெரியல. ஆனா வயித்துக்குள்ள யாரோ கைய விட்டுப் பிசையிற மாதிரி இருக்கு" என்றார். அந்தப் பை வயிற்றின் உள்ளுறையிலிருந்து நீண்டு வந்தது. அதற்கு வேறு நரம்புகள். தோலையும் தசையையும் நனைத்த மருந்து அங்கே எட்டாது. அறுவை மருத்துவர் இழுப்பதை நிறுத்தி, பையின் கழுத்தைச் சுற்றி இன்னும் சில மில்லி விட்டு, கொஞ்சம் காத்திருந்து தொடர்ந்தார்.

இப்படி அறுவை நடக்கும்போது நான் ஏன் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன் என்று நோயாளிகள் நினைப்பதுண்டு. பாதி பேச்சு ஆறுதலுக்கு, மீதி காவலுக்கு. மருந்து அளவுக்கு மீறி ரத்தத்தில் கலந்தால் அதே சோடியம் வாசல்கள் மூளையிலும் இதயத்திலும் அடைபடத் தொடங்கும். உதட்டைச் சுற்றி மரமரப்பு, வாயில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், திடீரென்று உளறல் அல்லது பதற்றம். இவை வலிப்புக்கும் இதயத் துடிப்புக் கோளாறுக்கும் முன்னால் வரக்கூடிய அறிகுறிகள். வந்தால் மருந்தை நிறுத்தி, ஆக்சிஜன் கொடுத்து, 20 சதவீதக் கொழுப்புக் கரைசலை ரத்தக் குழாய் வழியே ஏற்ற வேண்டும். பல் மருத்துவரின் நாற்காலியிலோ தையல் போடும் அறையிலோ ஊசி போட்ட பிறகு உதடு மரமரத்து (பல் ஊசியில் உதடு மரப்பது எதிர்பார்த்ததுதான், மற்ற இடத்தில் போட்டபோது என்றால்) காது இரைந்தால், உடனே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். எனக்கு முதுகில் ஊசி. இதைத் தேர்ந்தெடுத்தது நான்தான். அடைப்பு எதுவும் இல்லாத, வெளியிலிருந்து திறந்து செய்கிற ஹெர்னியா. விழித்திருக்க எனக்கு ஆசை. என் இளைய சகா ஒருவர்தான் ஊசி போட்டார். "சார், நீங்க எல்லாருக்கும் சொல்றதுதான். தலையணையைக் கட்டிப் பிடிச்சு, முதுகைப் பின்னால தள்ளுங்க" என்றார். நாமே சொல்லும்போது சுலபமாக இருக்கிற விஷயம் அது. வயிறு மடங்க, தோள்களைத் தளர்த்தி, முதுகை வில்லாக வளைத்தால்தான் எலும்புகளுக்கு நடுவே இடைவெளி விரியும். நிமிர்ந்து விறைத்து உட்கார்ந்தால் ஊசி எலும்பில்தான் இடிக்கும். ஊசி முதல் தடவையிலேயே போவது பாதி நோயாளியின் கையில், அதாவது முதுகில், இருக்கிறது.

ஊசி தண்டுவடத்தில் குத்திவிடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. வளர்ந்தவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் எலும்பு மட்டத்தில் முடிந்துவிடும். ஊசி போடுவது அதற்குக் கீழே, பெரும்பாலும் மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவில். அங்கே திரவத்தில் மிதக்கும் நரம்பு வேர்கள்தான் இருக்கும். பெரும்பாலும் ஊசி வந்தால் விலகிக்கொள்ளும். தோலை மரக்கவைக்கும் சின்ன ஊசிதான் எனக்குச் சுருக்கென்றது. பிரதான ஊசி, 25 கேஜ் அளவில் மெல்லியது, பென்சில் நுனி கொண்டது, அழுத்தமாக மட்டும் தெரிந்தது. காலில் மின்னல் வெட்டினாற்போல் ஒரு இழுப்பு வந்தால் அசையாமல் "வலது கால்", "இடது கால்" என்று வாயால் சொல்ல வேண்டும். ஊசி ஒரு வேரைத் தொடுகிறது என்று அர்த்தம். மருத்துவர் திசையை மாற்றிக்கொள்வார். எனக்கு அது வரவில்லை. பளிங்கு போன்ற தண்டுவடத் திரவம் சொட்டியதும் 3 மில்லி புபிவகெயின் என்ற மரக்கவைக்கும் மருந்து உள்ளே போனது. அரை சதவீதம், ஆக 15 மில்லிகிராம். பெரியவருக்குக் கவட்டையில் ஊற்றிய 350 மில்லிகிராமை நினைத்துப் பாருங்கள். மருந்து வேறு, வீரியமும் வேறுதான். ஆனால் மருந்தை வேர்களின் மேலேயே விடும்போது எவ்வளவு குறைவாகப் போதும் என்பதற்கு இது அடையாளம்.

அதற்குப் பிறகு நடந்ததை ஆர்வத்தோடு கவனித்தேன்.

முதலில் பாதங்கள் வெதுவெதுப்பாயின. சுகமாகக்கூட இருந்தது. ரத்தக் குழாய்களைச் சுருக்கி வைத்திருக்கும் நரம்பிழைகள் மெல்லியவை. மருந்துக்கு முதலில் பணிவது அவைதான். குழாய்கள் விரிந்ததும் தோல் சூடாகும். அதே காரணத்தால் ரத்த அழுத்தமும் இறங்கும். சிறிது நேரத்தில் எனக்குக் குமட்டியது. "என்னமோ மாதிரி இருக்கு" என்றேன். நோயாளிகள் எல்லாரும் சொல்லும் அதே மூன்று சொல், அதே தொனி. திரையில் மேல் அழுத்தம் 128-லிருந்து 88-க்கு வந்திருந்தது. சகா அழுத்தத்தை ஏற்றும் மருந்தைக் கொடுத்ததும் குமட்டல் போய்விட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: முதுகு ஊசி போட்ட உடனே வரும் குமட்டல் பெரும்பாலும் வயிற்றுப் பிரச்சினை இல்லை, அழுத்தம் இறங்குவதன் அறிகுறி. வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் தோன்றும்போதே சொல்லிவிட வேண்டும்.

அடுத்து, ஸ்பிரிட் பஞ்சு. தொடையில் வைத்தபோது பஞ்சு தொடுவது நன்றாகத் தெரிந்தது, குளிர்ச்சி தெரியவில்லை. தோளில் வைத்தபோது ஜில்லென்றது. குளிரையும் வலியையும் சுமப்பவை மெல்லிய இழைகள். தொடுகையைச் சுமப்பவை தடித்தவை. மெல்லியவை முதலில் விழும், தடித்தவை பின்னால். குளிர் தெரியாத இடத்தில் கூர்மையான வலியும் தெரியாது என்பதால்தான் நாங்கள் பஞ்சால் சோதிக்கிறோம். "தொடுறது தெரியுதே, ஊசி வேலை செய்யலையே" என்று அந்த நேரத்தில் நோயாளிகள் பதறுவார்கள். தொடுவது தெரியலாம். குளிர் தெரிகிறதா என்பதே கேள்வி.

கடைசியாகத் தசைகள். கட்டைவிரலை ஆட்டினேன், ஆடியது. இன்னொரு தடவை ஆட்டினேன். ஆட்டுகிறேன் என்று உறுதியாக நினைத்தேன். எட்டிப் பார்த்தால் அசைவே இல்லை. அதைவிட விசித்திரம், என் முழங்கால்கள் இரண்டும் மடிந்து மேலே தூக்கியிருப்பதாக உணர்ந்ததுதான். உண்மையில் மேசையில் நேராக நீட்டிக் கிடந்தன. மூட்டுகளிலிருந்து மூளைக்கு வரவேண்டிய தகவல் நின்றதும், மூளை தன்னிடம் இருக்கும் பழைய படத்தையே பிடித்துக்கொள்கிறது. 'காலைக் கீழே இறக்குங்கள்' என்று என்னிடம் கெஞ்சிய நோயாளிகள் உண்டு. இப்போது அவர்களிடம் திரையைச் சற்று விலக்கி, காலைக் காட்டிவிடுகிறேன். கண்ணால் பார்த்ததும் பலருக்கு நிம்மதி வந்துவிடுகிறது.

மரப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்பதும் முக்கியம். காயம் கவட்டையில்தானே, தொப்புள் வரை போதாதா என்று தோன்றும். தோலுக்குப் போதும். பெரியவருக்கு வயிற்றைப் பிசைந்த அந்த உள்ளுறை இழுப்பு இருக்கிறதே, அதை அடக்கத் தொப்புளுக்கு மேலே, நெஞ்செலும்பின் கீழ்நுனிக்கு அருகே வரை போக வேண்டும். இந்த மருந்தில் சர்க்கரை கலந்திருப்பதால் தண்டுவடத் திரவத்தைவிடக் கனமானது. சாய்த்த பக்கம் ஓடும். ஊசி போட்ட கையோடு படுக்கவைப்பதும், மேசையின் தலைப்பக்கத்தைச் சிறிது தாழ்த்துவதும் அதற்காகத்தான். ஆனால் மருந்து ரொம்ப மேலே ஏறிவிடக் கூடாது. கைவிரல்கள் மரமரத்து, பிடி தளர்ந்து, குரல் கிசுகிசுப்பாக மாறினால் அது எச்சரிக்கை. உதரவிதானத்தை இயக்கும் நரம்பு கழுத்திலிருந்து வருகிறது. மரப்பு அங்கே நெருங்குகிறது என்று பொருள். அதனால்தான் என் சகா அவ்வப்போது "கையை இறுக்கிப் பிடிங்க சார்" என்றார். நெஞ்சு மரத்துப்போவதால் மூச்சு விடுவது தெரியாமல் பயம் வருவது வேறு விஷயம். தெளிவாக, சத்தமாகப் பேச முடிகிறவரை பயப்பட வேண்டியதில்லை.

அறுவையின்போது இழுப்பதும் தள்ளுவதும் தெரிந்தது, வலி துளியும் இல்லை. எதிர்பாராத விதமாகத் தூக்கம் வந்தது. எனக்குத் தூக்க மருந்து எதுவும் தரவில்லை. கீழ்பாதி உடம்பிலிருந்து வரும் செய்திகள் ஒட்டுமொத்தமாக நின்றால் மூளையின் விழிப்பும் கொஞ்சம் தளர்கிறது. முதுகு ஊசி போட்டவர்களுக்குத் தூக்க மருந்து குறைவாகவே போதும் என்பது எங்களுக்குத் தெரிந்ததுதான். பலருக்கு மிடசோலாம் சிறிதளவு கொடுப்போம். அதில் ஒரு வேடிக்கை: கொடுத்த பிறகும் நம்மோடு பேசிக்கொண்டிருப்பார்கள், சொன்னதைச் செய்வார்கள். மறுநாள் கேட்டால் "நல்லாத் தூங்கிட்டேன்" என்பார்கள். நினைவு பதியவில்லை, அவ்வளவுதான். விழிப்பு வேறு, ஞாபகம் வேறு.

மரப்பு விலகுவது மேலிருந்து கீழாக. இதைத்தான் வீட்டில் இருப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். கவட்டையின் நரம்பு வேர் பாதத்தின் வேர்களைவிட மேலே இருக்கிறது. ஆகவே பாதம் இன்னும் மரத்துக் கிடக்கும்போதே காயம் வலிக்க ஆரம்பித்துவிடும். 'கால் முழுசா வரட்டும், அப்புறம் மாத்திரை போட்டுக்கலாம்' என்று இருந்தால் வலி முந்திக்கொள்ளும். தொப்புளுக்குக் கீழே குளிர்ச்சி தெரிய ஆரம்பித்ததுமே வலி மருந்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். சிறுநீர்ப்பையின் வேர்கள் எல்லாவற்றுக்கும் கீழே இருப்பதால் அவை கடைசியில்தான் விழிக்கும். பை நிரம்பியும் உணர்வு வராது. கால் நன்றாக ஆடியும் வெகுநேரம் சிறுநீர் பிரியாமல் அடிவயிறு கனத்தால் செவிலியரைக் கூப்பிட வேண்டும். தேவைப்பட்டால் ஒரு தடவை குழாய் வைத்து எடுப்பார்கள்.

முதுகு ஊசியின் பிரபலமான பின்விளைவு தலைவலி. முதன்முதலில் இதை அனுபவித்தவர்களில் ஒருவர், இந்த முறையை 1898-இல் அறுவைக்குப் பயன்படுத்திய ஜெர்மானிய மருத்துவர் ஆகுஸ்ட் பியர். தன் முதுகிலேயே ஊசி போடச் சொன்னார். ஊசியும் சிரிஞ்சும் பொருந்தாமல் திரவம் வெளியே கசிந்ததுதான் மிச்சம். பிறகு உதவியாளருக்குப் போட்டுப் பார்த்தார். அவர் காலில் சுத்தியலால் தட்டியும் வலிக்கவில்லை. அடுத்து வந்த நாட்களில் பியர் எழுந்தால் தலைவலி, படுத்தால் சரி என்று கிடந்தார். காரணம் இன்றும் அதேதான்: உறையில் விழுந்த துளை வழியே திரவம் கசிந்து மூளையைத் தாங்கும் அழுத்தம் குறைகிறது. இப்போதைய மெல்லிய பென்சில் நுனி ஊசிகளால் இது வெகுவாகக் குறைந்துவிட்டது. எல்லாத் தலைவலியும் இது இல்லை. உட்கார்ந்ததும் கிளம்பி, படுத்ததும் அடங்கினால் இதுவாக இருக்கலாம். ஊசி போட்ட மருத்துவரிடம் சொல்லுங்கள். தண்ணீர், காபி, வலி மாத்திரையில் அடங்காவிட்டால் உங்கள் ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து உறைக்கு வெளியே செலுத்தித் துளையை மூடும் வழி இருக்கிறது. முதுகுவலி மிகக் கடுமையாகி, வந்த கால் உணர்வு மறுபடி போனாலோ, மரப்பு விலக வேண்டிய நேரத்தில் விலகாமல் இருந்தாலோ மணிக்கணக்காகப் பொறுத்திருக்கக் கூடாது. தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கட்டியிருக்கலாம். குளோபிடோகிரல் போன்ற ரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர்களை நாங்கள் துருவித் துருவி விசாரிப்பது இதனால்தான்.

முழு மயக்கத்துக்கு வருவோம். எனக்குப் பிறகு சில மாதங்களில் ஒரு இளைஞர் வந்தார். இரண்டு பக்கமும் ஹெர்னியா. துளை போட்டு லேப்ராஸ்கோப்பியில் செய்வதாக முடிவானது. வயிற்றில் வாயுவை நிரப்பி, தலையைத் தாழ்த்தி வைக்க வேண்டும். உதரவிதானம் மேலே தள்ளப்படும். அதன் நரம்பு கழுத்திலிருந்து வருவதால் முதுகு ஊசி அந்த அசௌகரியத்தைத் தொடாது. மூச்சையும் கருவிதான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே முழு மயக்கம்.

அவர் எடை 70 கிலோ. புரோபோஃபால் என்ற மயக்க மருந்து கிலோவுக்கு 2 மில்லிகிராம், ஆக 140 மில்லிகிராம். வெள்ளையாகப் பால் மாதிரி இருக்கும். கையில் ஏறும்போது எரியும். எரிந்த இடத்தைத் தேய்க்கப் போனவர் தேய்த்து முடிக்கவில்லை. கையிலிருந்து இதயம் வழியாக மூளைக்கு ரத்தம் போய்ச் சேரும் நேரம்தான் ஆகிறது. மூளையில் நரம்புகளை அடக்கி வைக்கும் காபா என்ற இரசாயனத்துக்கு இந்த மருந்து வலு சேர்க்கிறது. மூளை ஒரேயடியாக அணைந்துவிடுவதில்லை. காதிலிருந்தும் தோலிலிருந்தும் வரும் துடிப்புகள் அவற்றுக்குரிய பகுதிகளை ஓரளவு எட்டவே செய்கின்றன. அந்தப் பகுதிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது குலைந்துபோவதால், வந்த செய்தி யாருடைய அனுபவமாகவும் ஆவதில்லை. இதைத் தூக்கம் என்று நாங்களே நோயாளியிடம் சொல்கிறோம், ஆறுதலுக்காக. தூங்குபவரைத் தட்டினால் எழுந்துவிடுவார்.

இங்கேதான் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. அந்த இளைஞரின் வயிற்றில் முதல் துளை போட்டபோது இதயத் துடிப்பு 68-லிருந்து 102-க்குத் தாவியது, அழுத்தமும் ஏறியது. அவருக்கு எதுவும் தெரியாது. ஆனால் வயிற்றுச் சுவரின் நரம்பு, வேர், தண்டுவடம் எல்லாம் ஒழுங்காக வேலை செய்து செய்தியை மேலே அனுப்பிக்கொண்டே இருந்தன. முழு மயக்கம் நரம்பைப் பெரிதாகத் தடுப்பதில்லை. அதனால்தான் ஃபென்டனில் போன்ற வலி மருந்தைத் தனியாகக் கொடுக்கிறோம். முடிந்ததும் துளைகளில் புபிவகெயின் விடுகிறார்கள். அது இல்லாமல் கண் திறந்தால் வலியோடுதான் திறப்பார். என் அறுவையில் இதற்கு நேர்மாறு: நான் விழித்திருந்தேன், செய்தி வரவில்லை.

கத்தி பட்டதும் உடம்பு அசையாமல் இருப்பது மூளை அணைந்ததால் என்றுதான் எல்லாரும் நினைப்போம். ஆவியாகக் கொடுக்கும் மயக்க மருந்துகள் அந்த அசைவைப் பெரும்பாலும் தண்டுவடத்திலேயே தடுக்கின்றன என்று விலங்குகளில் செய்த ஆய்வுகள் காட்டின. அதாவது ஒருவர் அசைந்துவிட்டார் என்பதாலேயே அவர் விழித்துவிட்டார் என்று சொல்ல முடியாது. அசையவில்லை என்பதாலேயே ஆழமாக இருக்கிறார் என்றும் சொல்ல முடியாது. இரண்டாவதுதான் எங்களைக் கவலைப்பட வைப்பது. தசையைத் தளர்த்தும் மருந்து நரம்பும் தசையும் சேருமிடத்தில் மட்டும் வேலை செய்யும். வலியையோ நினைவையோ தொடாது. மயக்க மருந்து குறைந்து, தளர்த்தும் மருந்து மட்டும் இருந்தால் ஒருவர் விழித்தபடி, விரலைக்கூட அசைக்க முடியாமல் கிடக்க நேரிடலாம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்த பெரிய கணக்கெடுப்பு ஒன்று 2014-இல் வெளியானது. தாமாக முன்வந்து சொன்னவர்களை வைத்து, ஏறக்குறைய 19,000 முழு மயக்கத்துக்கு ஒன்று என்று அது சொன்னது. தளர்த்தும் மருந்து கொடுத்தவர்களிடம்தான் இது அதிகம் நடந்திருந்தது. நோயாளி வெளிவிடும் மூச்சில் மயக்க வாயு எத்தனை சதவீதம் இருக்கிறது என்று திரையில் ஓயாமல் பார்ப்பது இதற்காகவே. முன்பு எப்போதாவது உங்களுக்கு அப்படி நேர்ந்திருந்தால், கனவாக இருக்குமோ என்று தயங்காமல் அடுத்த மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இளைஞர் கண் திறந்ததும் கேட்டது, "எப்ப ஆரம்பிப்பீங்க?" தூங்கி எழுந்தால் கொஞ்ச நேரம் போயிருக்கிறது என்று உணர்வோம். இதில் அந்த உணர்வே இல்லை. தொண்டையில் குழாய் வைத்ததால் கரகரப்பு. மாலையில் வலது தோள் வலிப்பதாகச் சொல்லி, படுக்கவைத்த விதம் சரியில்லையோ என்று அவர் அம்மா சந்தேகப்பட்டார். "இல்லம்மா, வயித்துல மிச்சமிருக்கிற வாயு உதரவிதானத்தை உறுத்துது. அதோட நரம்பும் தோளோட நரம்பும் கழுத்துல ஒரே இடத்துல சேருது. மூளை தோள் வலிக்குதுன்னு நினைச்சுக்குது" என்றேன். ஓரிரு நாளில் அடங்கிவிட்டது.

எது நல்லது என்ற கேள்விக்கு இப்போது நான் எதிர்க்கேள்விகள் கேட்கிறேன். நுரையீரல் எப்படி? ரத்தத்தை இளக்கும் மருந்து உண்டா? குறட்டைவிட்டு இடையில் மூச்சு நிற்கிறதா? ரத்த உறவில் யாருக்காவது மயக்கத்தின்போது கடும் காய்ச்சலோ, நெடுநேரம் தசை செயல்படாமல் இருந்ததோ உண்டா? ஆடும் பல் இருக்கிறதா? அறுவை எதுவரை எட்டும், எவ்வளவு நேரம் ஆகும், விழித்திருந்து சத்தங்களைக் கேட்க உங்களால் முடியுமா? பதில்கள் சேரும்போது பெரும்பாலும் முறை தானாகவே முடிவாகிவிடும்.

முதுகு ஊசிதானே என்று வயிறு நிறையச் சாப்பிட்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மரப்பு போதாமல் போனாலோ அறுவை நீண்டாலோ அங்கேயே முழு மயக்கத்துக்கு மாற வேண்டிவரும். அப்போது இரைப்பையில் இருப்பது நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. அதனால் லேசான திட உணவுக்கு 6 மணி நேரம், தெளிந்த தண்ணீருக்கு 2 மணி நேரம் என்ற கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான். என் அறுவைக்கும் அப்படியே இருந்தேன். தண்ணீரை மட்டும் அறுவைக்கு 2 மணி நேரம் முன்பு வரை குடித்தேன். நாக்கு வறண்டு கிடக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.